மூன்று சென்ட் கரிசலில் ஒரு வீடு: கடனா, கூடா, கீழ்த்தளம் மட்டுமா?

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் தம்பிக்கு மூன்று சென்ட் மனை இருக்கிறது. கையில் 16 லட்சம் சேர்த்து வைத்திருந்தான். கீழே 650 சதுர அடி, மாடியில் 550, ஆக 1,200 சதுர அடியில் ஒரு வீடு வேண்டும் என்பது அவன் கணக்கு. குடியிருந்த வீட்டுக்கு வாடகை 6,500. வாடகையும் குடும்பச் செலவும் போக மாதம் 12,000 மிஞ்சும். அவன் வீட்டை எப்படிக் கட்டுவது என்று 2025 ஜனவரியில் உட்கார்ந்து பேசினோம். கட்டட மேற்பார்வை என் தொழில் என்பதால் கணக்கு போடும் வேலை என்னிடம் வந்தது.

முன்னால் மூன்று வழிகள் இருந்தன. கடன் வாங்கி இரண்டு தளத்தையும் ஒரே மூச்சில் முடிப்பது முதல் வழி. கையில் உள்ள பணத்தில் இரண்டு தளத்தையும் பூச்சில்லாத கூடாக எழுப்பிவிட்டு, பணம் வர வர உள்வேலையை முடிப்பது இரண்டாவது. கீழ்த்தளத்தை மட்டும் குடியேறும் அளவுக்கு முழுதாக முடித்து, மாடியைப் பிறகு கட்டுவது மூன்றாவது. தம்பிக்கு இரண்டாவதன் மேல்தான் ஆசை. "அண்ணே, கம்பி விலையும் கூலியும் ஏறிக்கிட்டேதான் இருக்கும். மேலயும் கீழயும் இப்பவே தூக்கிருவோம். உள்வேலைய மெதுவா பாத்துக்கலாம்" என்றான். கேட்கச் சரியாகத்தான் இருந்தது.

சதுர அடி ரேட்டுக்குள் வராதவை

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் முழுச் செலவு எவ்வளவு என்று தெரிய வேண்டும். எங்களிடம் பேசிய காண்ட்ராக்டர் சதுர அடிக்கு 2,300 ரூபாய் சொன்னார். 650 சதுர அடிக்கு 14 லட்சத்து 95 ஆயிரம். "பதினஞ்சு லட்சத்துல கீழ வீடு முடிஞ்சிரும், ஒரு லட்சம் மிச்சம்" என்று தம்பி நினைத்திருந்தான். அந்த ரேட்டில் எது எது சேராது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினோம். தண்ணீர்த் தொட்டிக்கும் செப்டிக் டேங்குக்கும் 1 லட்சத்து 60 ஆயிரம். வெளிப்படிக்கட்டு 90 ஆயிரம். மின் இணைப்பு, தற்காலிக லைன், பிளான் கட்டணம் எல்லாம் சேர்ந்து 45 ஆயிரம். சமையலறை அலமாரிகள் 80 ஆயிரம். சுற்றுச்சுவரும் கேட்டும் 1 லட்சத்து 80 ஆயிரம்.

இவற்றை எல்லோரும் எப்படியும் கேட்டுவிடுவார்கள். கேட்காமல் விடுவது மண்ணுக்குள் போகும் செலவைத்தான். கரிசல் மண் மழையில் உப்பும், வெயிலில் சுருங்கி விரல் நுழையும் அளவுக்குப் பிளக்கும். அந்த அசைவு எட்டாத ஆழத்தில் அஸ்திவாரம் உட்கார வேண்டும். காண்ட்ராக்டர் ரேட்டில் நான்கடி ஆழம் என்று எழுதியிருந்தார். ஒப்பந்தம் பேசுவதற்கு முன்பே மனையில் ஜேசிபி வைத்து ஒரு குழி தோண்டிப் பார்த்தோம். ஏழடியில்தான் சுக்கான் பாறை தட்டியது. மொத்தம் பன்னிரண்டு தூண்கள். கூடுதலாகப் போகும் மூன்றடிக்கும், மாடியைத் தாங்கும் அளவுக்கு அடித்தளத்தைப் பெரிதாக்குவதற்கும் 55 ஆயிரம் ஆகும் என்று வந்தது.

அடுத்தது பேஸ்மென்டுக்குள் நிரப்பும் மண். ஒப்பந்தத்தில் "தோண்டிய மண்ணைக் கொண்டு நிரப்புதல்" என்று ஒரு வரி இருந்தது. செம்மண் பூமியில் அந்த வரியில் தப்பில்லை. இங்கே தோண்டி எடுப்பது கரிசல். அதையே தரைக்கு அடியில் போட்டால் ஒரு மழைக்காலத்தில் உப்பி டைல்ஸைத் தூக்கிவிடும். ஆகவே வெளியிலிருந்து சரளை வர வேண்டும். உள்ளளவு 560 சதுர அடி, உயரம் மூன்றடி என்றால் 1,680 கன அடி. தண்ணீர் விட்டு இடித்தால் இறங்கும் என்பதால் கால் பங்கு கூட்டிக்கொள்ள வேண்டும்: 2,100 கன அடி, அதாவது 21 யூனிட். மூன்று யூனிட் டிப்பரில் ஏழு லோடு, 42 ஆயிரம் ரூபாய்.

எல்லாவற்றையும் கூட்டினால் ரேட்டுக்கு வெளியே 6 லட்சத்து 52 ஆயிரம் வந்தது. கீழ்வீட்டின் உண்மையான விலை பதினைந்து இல்லை, ஏறத்தாழ இருபத்தொன்றரை லட்சம். வேலை நடக்கும்போது இது ஒவ்வொன்றாகத் தெரியவந்திருந்தால் "பட்ஜெட் எகிறிவிட்டது" என்று சொல்லியிருப்போம். உண்மையில் இந்தச் செலவு எல்லாம் முதலிலிருந்தே அங்கே இருந்ததுதான்.

மூன்று வழிகளும் ஒரே கணக்கில்

முதல் வழி. 1,200 சதுர அடிக்கு 27 லட்சத்து 60 ஆயிரம், வெளிச்செலவையும் சேர்த்து சுமார் 34 லட்சம். கடன் 18 லட்சம். 8.75 சதவீத வட்டி, இருபது ஆண்டு என்று வைத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 15,900. இருபது ஆண்டில் வட்டி மட்டும் இருபது லட்சத்தைத் தாண்டும். வாடகை மிச்சமாவதைக் கழித்தாலும் மாதம் 9,400 கூடுதலாக வேண்டும். மிஞ்சுவது 12,000 என்பதால் எஞ்சிய இடைவெளி 2,600 ரூபாய்.

இரண்டாம் வழி. அஸ்திவாரம், தூண், சுவர், இரண்டு தளம் வரைக்கும் உள்ள கட்டமைப்பு மொத்தச் செலவில் பாதிக்குச் சற்று மேல் போகும். நான் 55 சதவீதம் என்று வைத்தேன். 15 லட்சத்து 20 ஆயிரமும், ஆழமான அஸ்திவாரமும் சரளையும் சேர்த்தால் பதினாறு லட்சத்தைக் கொஞ்சம் தாண்டிக் கைப்பணம் முழுவதும் போய்விடும். நிற்பது கதவில்லாத, பூச்சில்லாத, கழிப்பறையில்லாத இரண்டு தளங்கள். அதில் கீழ்த்தளத்தை மட்டும் குடியிருக்கும் நிலைக்குக் கொண்டுவர இன்னும் 8 லட்சத்து 80 ஆயிரம் வேண்டும். மாதம் 12,000 சேமித்தால் ஆறு வருடம். அந்த ஆறு வருடத்தில் வாடகையாகவே 4 லட்சத்து 68 ஆயிரம் போகும். விலை ஏறுவதற்கு முன் முந்திக்கொள்ளலாம் என்று தம்பி சொன்னதில் கம்பிக்கும் சிமெண்டுக்கும் அது பொருந்தும். டைல்ஸ், மின்சாரப் பொருள், கதவு, பெயிண்ட், பூச்சுக்கூலி எல்லாமே ஆறு வருடம் கழித்து அன்றைய விலைக்குத்தான் வரும். இதற்கிடையில் பூசாத சுவர் ஆறு ஐப்பசி கார்த்திகையில் நனையும். தளத்துக்குள் பதித்த மின்குழாயில் கலவைத் தூளும் குளவிக்கூடும் அடைத்துக்கொள்ளும். பூட்ட முடியாத கட்டடத்தில் எதுவும் பத்திரமாக இருக்காது.

நான் பார்த்தவரை ஊருக்கு ஊர் நிற்கும் பாதி வீடுகளில் பல இப்படித் தொடங்கியவைதான். அவற்றைக் கட்டியவர்களைக் கணக்குத் தெரியாதவர்கள் என்று சொல்ல மாட்டேன். கூரை வந்ததும் முக்கால் வீடு முடிந்துவிட்டது என்று கண் நம்பிவிடுகிறது. பணக்கணக்கில் அப்போது பாதிதான் முடிந்திருக்கும்.

மூன்றாம் வழி. இருபத்தொன்றரை லட்சத்திலிருந்து, இல்லாமலும் குடியிருக்க முடிகிறவற்றை எடுத்தோம். சுற்றுச்சுவர் இரண்டாம் கட்டத்துக்குப் போயிற்று. அலமாரிக்குப் பதிலாக 25 ஆயிரத்தில் கடப்பாக்கல் தட்டுகள். இப்போது 19 லட்சத்து 12 ஆயிரம். எதிர்பாராததற்கு ஒன்றரை லட்சம் ஒதுக்கினால் 20 லட்சத்து 62 ஆயிரம். கடன் ஐந்து லட்சம் போதும். ஏழு வருடத்துக்கு மாதத் தவணை சுமார் 8,000. வாடகை 6,500 நின்றுவிடுவதால் கூடுதல் பாரம் 1,500 ரூபாய்தான்.

மூன்றாவதற்கு ஒரு விலை உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். மாடி இன்றைய ரேட்டில் 12 லட்சத்து 65 ஆயிரம். வருடம் ஆறு சதவீதம் ஏறுவதாக வைத்தால் ஐந்து வருடம் கழித்து 17 லட்சத்தை நெருங்கும். தள்ளிப்போட்டதற்கான தண்டம் சுமார் 4 லட்சத்து 30 ஆயிரம். முதல் வழியில் கூடுதலாக வாங்கும் 13 லட்சத்துக்கு அதே ஐந்து வருடத்தில் வட்டி 5 லட்சத்து 40 ஆயிரம் போலப் போகும். இரண்டும் வெகுதூரத்தில் இல்லை. மாடிக்கு 5,000 ரூபாய் வாடகைக்கு ஆள் உறுதி என்றால் ஐந்து வருடத்தில் மூன்று லட்சம் வரும், முதல் வழியே ஜெயிக்கும். ஆக வெறும் ரூபாயை வைத்து மூன்றாவதுதான் லாபம் என்று நான் சொல்லவில்லை. முடிவை எடுத்தது அந்த 2,600 ரூபாய். இருபது வருடத்தில் ஒரு ஆஸ்பத்திரிச் செலவு, ஒரு வேலை மாற்றம், ஒரு கல்லூரிக் கட்டணம் வந்தால் அந்த இடைவெளி தாங்காது. இருவரும் நிலையான சம்பளம் வாங்கும் வீடாக, வாடகை பன்னிரண்டாயிரம் கொடுக்கும் ஊராக இருந்தால் நானே கடனைத்தான் சொல்லியிருப்பேன்.

கடன் பக்கம் நினைவில் வைக்க இரண்டு விஷயங்கள் உண்டு. வங்கி மொத்தப் பணத்தையும் ஒரே தடவையில் தராது. பொதுவாக உங்கள் பங்கு முதலில் செலவாக வேண்டும், அதன்பிறகு ஒவ்வொரு கட்டமும் முடிந்து அவர்கள் இன்ஜினியர் பார்த்த பிறகே அடுத்த தவணை வரும். அந்த இடைவெளியில் வேலை நிற்காமல் இருக்கக் கையில் ரொக்கம் வேண்டும். இன்னொன்று, பழைய வருமான வரிமுறையில் இருப்பவர்களுக்கு. குடியிருக்கும் வீட்டுக்கடன் வட்டியில் வருடம் இரண்டு லட்சம் வரை கழிக்க வேண்டுமென்றால், கடன் வாங்கிய நிதியாண்டு முடிந்து ஐந்து ஆண்டுக்குள் வீடு முடிந்திருக்க வேண்டும். தாண்டினால் 30 ஆயிரம்தான். கூடாக நிறுத்துகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

பக்கவாட்டில் நீட்டினால்?

நான்காவதாக ஒரு யோசனையை அப்பா சொன்னார். இப்போது ஒரு ஹால், ஒரு அறை. பிறகு பக்கத்திலேயே இரண்டு அறை சேர்த்துக்கொள்ளலாம் என்று. செம்மண்ணோ பாறையோ உள்ள பூமியில் இது நல்ல வழி, மாடியைவிட மலிவும்கூட. கரிசலில் நான் ஒத்துக்கொள்ளவில்லை. இன்று போட்ட அஸ்திவாரம் தன் மேலுள்ள பாரத்துக்கு உட்கார்ந்து முடித்திருக்கும். ஐந்து வருடம் கழித்து ஒட்டிப்போடும் புது அஸ்திவாரம் அப்போதுதான் உட்கார ஆரம்பிக்கும். இரண்டும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரு வெடிப்பு விழும். பூசினாலும் அடுத்த கோடையில் அதே இடத்தில் திறக்கும். அதனால் அஸ்திவாரத்தை முழுவீட்டுக்கும் ஒரே நாளில் போட்டுவிட்டு, கட்டத்தை உயரவாக்கில் பிரிப்பது என்று முடிவாயிற்று.

பிளானையும் இரண்டு தளத்துக்கும் சேர்த்தே வாங்கினோம். 2024 ஜூலையிலிருந்து தமிழ்நாட்டில் 2,500 சதுர அடிக்கு உட்பட்ட மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் ஒரு மாடியும் வரை கட்டும் வீட்டுக்குச் சுயசான்று முறையில் ஆன்லைனில் உடனே அனுமதி கிடைக்கிறது. தனித்தனியாக வாங்கினால் இரண்டு முறை அலைச்சல்.

யாரிடம், எப்படிப் பணம் கொடுப்பது

முழுக் காண்ட்ராக்டா, கூலிக்கு மட்டும் விட்டுப் பொருளை நாமே வாங்குவதா என்ற கேள்வியில் எனக்கு ஒரு உறுதியான கருத்து உண்டு. கட்டமைப்பு வரை ஒருவரிடம் பொருளோடு விடலாம். அதற்குப் பிறகு கூலிக்கு மட்டும் விடலாம். கம்பி, கான்கிரீட், சென்ட்ரிங் மூன்றுக்கும் ஒரே ஆள் பொறுப்பாக இருந்தால்தான் தளம் ஒழுகும்போது கேட்க முடியும். டைல்ஸ், குழாய், சுவிட்ச் எல்லாம் வீட்டுக்காரரின் விருப்பம் சார்ந்தவை. அவற்றைச் சதுர அடி ரேட்டுக்குள் அடைத்தால் தினம் தகராறு. 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்டுக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தபோது, பூச்சு வேலைக்கு நாங்களே மூட்டை வாங்கியதால் அந்தக் குறைவும் எங்கள் பில்லில் வந்தது. பெரிய தொகை இல்லை, ஆனால் முழுக் காண்ட்ராக்டில் அதுவும் வந்திருக்காது. கூலிக்கு விட்டால் ஒருவர் அங்கேயே இருக்க வேண்டும். ஜல்லி வரத் தாமதமானால் ஆறு ஆள் சும்மா உட்கார்ந்த கூலியும் நம் தலையில்தான். எங்களுக்கு அப்பா இருந்தார்.

இதைவிட முக்கியம் பணம் கொடுக்கும் வரிசை. அந்தக் காண்ட்ராக்டர் முதலில் கேட்டது: ஆரம்பத்தில் 25 சதவீதம், பேஸ்மென்டில் 25, லின்டலில் 20, தளம் போட்டதும் 20, முடிவில் 10. தளம் போட்ட அன்று 90 சதவீதம் கொடுத்திருப்போம், நடந்த வேலையின் மதிப்போ 55. அதாவது ஐந்து லட்சத்துக்கு மேல் அவர் கையில் நம் பணம் வேலையாக மாறாமல் கிடக்கும். அதன்பிறகு அவர் போனை எடுக்காவிட்டால் நாம் செய்ய ஒன்றுமில்லை. பாதியில் நின்ற எத்தனையோ வீடுகளில் நான் கண்ட நோய் இதுதான்.

பேசி மாற்றினோம். கட்டமைப்புக்கு மட்டும் சதுர அடிக்கு 1,265 ரூபாய், மொத்தம் 8 லட்சத்து 22 ஆயிரம். ஆரம்பத்தில் 10 சதவீதம், பேஸ்மென்ட் முடிந்து சரளை இடித்த பிறகு 30, லின்டல் முடிந்து 20, தளம் போட்டு 30, சென்ட்ரிங் பிரித்துக் கீழிருந்து பார்த்த பிறகு கடைசி 10. அவருக்கும் நட்டமில்லை, நமக்கும் பயமில்லை.

நோட்டில் மூன்றாவது கட்டம்

செலவு நோட்டு எல்லோரும் வைப்பார்கள். போட்ட திட்டம் ஒரு கட்டம், ஆன செலவு ஒரு கட்டம். நான் மூன்றாவது ஒன்று போடச் சொன்னேன்: மீதி வேலைக்கு இன்றைய விலையில் இன்னும் எவ்வளவு வேண்டும். வாராவாரம் நிரப்ப வேண்டியது இந்தக் கட்டத்தைத்தான். ஆன செலவைப் பார்த்து வருந்தி ஆவது ஒன்றுமில்லை. மீதியைப் பார்த்தால் இன்னும் எதையாவது மாற்ற முடியும்.

பிப்ரவரியில், மண் காய்ந்திருந்தபோது தோண்டினோம். ஈசான மூலையில் இரண்டு தூணுக்கு ஏழடியில் பாறை வரவில்லை. எப்போதோ மூடிய பழைய குழி. ஒன்பதடி போனோம், 22 ஆயிரம். ஒன்றரை லட்சத்தில் முதல் கடி. சோதனைக் குழி ஒன்று மட்டும் எடுத்தது என் தவறு. எதிர்மூலையில் இன்னொன்று எடுத்திருந்தால் பேரம் பேசும்போதே தெரிந்திருக்கும்.

இரண்டாவது கடி நாமே வரவழைத்தது. சன்னல் மட்டம் வரை சுவர் வந்தபிறகு தம்பி மனைவி உள்ளே நின்று பார்த்து, "அத்தான், இந்த அடுப்படியில ரெண்டு பேரு நிக்க முடியாதே" என்று என்னிடம் சொன்னாள். சொன்னது நியாயம். எட்டுக்கு எட்டு என்பது காகிதத்தில் சின்னதாகத் தெரியவில்லை. ஒரு சுவரை இடித்து மூன்றடி தள்ளிக் கட்ட 24 ஆயிரம். அதன்பிறகு நான் பார்க்கிற எல்லா மனையிலும் தோண்டுவதற்கு முன் சுண்ணாம்புக்கோடு போட்டு, வீட்டுப் பெண்களைக் கோட்டுக்குள் நின்று, அடுப்பு இங்கே, கழுவும் தொட்டி இங்கே என்று நடந்து பார்க்கச் சொல்கிறேன். அரை மணி நேரம் ஆகும்.

லின்டல் மட்டத்தில் ஒதுக்கியதில் 1 லட்சத்து 4 ஆயிரம் மீதி. தளம் இன்னும் போடவில்லை. அந்த வாரம்தான் தம்பி சதுர அடி 90 ரூபாய் டைல்ஸைக் கடையில் பார்த்துவிட்டு வந்தான். திட்டத்தில் 55. தரை, சுவர் எல்லாம் சேர்த்து 900 சதுர அடி, வித்தியாசம் 31 ஆயிரத்து 500. முன்பே ஒரு விதி வைத்திருந்தோம்: தளம் போட்டு முடியும்வரை ஒதுக்கிய பணத்தில் பாதிக்குக் கீழே போகக் கூடாது, அதுவரை ஆசைக்காக அதிலிருந்து எடுக்கக் கூடாது. எடுத்திருந்தால் 73 ஆயிரத்துக்கு இறங்கியிருக்கும். தளத்தன்று மழை வந்தாலோ கம்பி கூடினாலோ தாங்க வேண்டியது அந்தப் பணம். ஜூனில் தளம் நல்லபடியாக முடிந்ததும் ஹாலுக்கு மட்டும், 250 சதுர அடிக்கு, அந்த டைல்ஸைப் போட்டோம். கூடுதல் 8,750. பிறகு கழிவுநீர்க் குழாயைத் திசை மாற்ற 18 ஆயிரம் ஆயிற்று. கார்த்திகையில் குடியேறினார்கள். ஒன்றரை லட்சத்தில் 77 ஆயிரம் கையில் நின்றது.

மாடிக்காக இப்போதே செய்தவை, செய்யாமல் விட்டவை

மொட்டைமாடியில் தட்டோடு பதிக்கவில்லை. ஐந்து வருடத்தில் மாடி வரும்போது அதைப் பெயர்த்து எறிய வேண்டியிருக்கும். 70 ஆயிரம் வீண். சரிவு கொடுத்து நீர்க்காப்புக் கலவையில் ஒரு பூச்சு மட்டும், அதன்மேல் வெயிலுக்கு வெள்ளைப் பூச்சு. கோடையில் தட்டோட்டின் குளிர்ச்சி கிடைக்காது, அதைத் தெரிந்தேதான் விட்டோம்.

தூண் கம்பிகளை மேலே நீட்டி வெறுமனே விடக் கூடாது. வருடக்கணக்கில் துருவேறி உதிர்ந்த கம்பியில் மாடித்தூணை ஒட்ட முடியாது. கம்பியின் விட்டத்தைப்போல் ஐம்பது மடங்கு, அதாவது 12 மில்லிமீட்டர் கம்பிக்கு இரண்டடி, விட்டுவைத்து, சிமெண்ட் பால் பூசி, சுற்றிலும் மெலிந்த கலவையில் ஒரு முண்டு கட்டி மூடினோம். பிறகு சுத்தியலால் தட்டினால் உதிர்ந்துவிடும், உள்ளே கம்பி புதிதாக இருக்கும்.

மாடிக் குளியலறைக்கான கழிவுக்குழாயும் மேலே போகும் மின்குழாய்களும் தளத்திலேயே வைத்து மூடியிருக்கிறோம். தளத்துக்குக் கான்கிரீட் போடுவதற்கு முந்தைய நாள் மாலை, ஒவ்வொரு குழாயும் எங்கே போகிறது என்று அளவு நாடாவைப் பக்கத்தில் வைத்து முப்பத்தொரு போட்டோ எடுத்தோம். அவற்றைப் பிரின்ட் போட்டு, பிளான் நகலோடு சேர்த்து, செலவு நோட்டின் பின்னட்டையில் ஒட்டி வைத்திருக்கிறான் தம்பி.